ரஷ்ய மொழி விற்பனையாளரிடம் ரீஃபண்ட் கேட்க எந்தக் கடிதம்?

பழைய சோவியத் லென்ஸ்களில் பித்துப் பிடித்தவர்களுக்கு ஹீலியோஸ் 44-2 என்ற பெயர் தெரிந்திருக்கும். அப்படி ஒன்றை இணையத்தில் வாங்கினேன். விலை 62 டாலர். விற்பனையாளர் ரஷ்ய மொழியில் எழுதுபவர். விவரக் குறிப்பில் ‘கண்ணாடிகள் சுத்தம்’ என்று போட்டிருந்தார். பெட்டியைப் பிரித்து, லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார்த்தால், உள் கண்ணாடி ஒன்றின் ஓரத்திலிருந்து சிலந்தி நூல் போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. துடைத்தால் போகாது. லென்ஸைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். அப்படியும் பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரித்திருந்தால் தடம் நிற்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்பதென்று முடிவானதும் நான்கு வழிகள் முன்னால் நின்றன. ஆங்கிலத்தில் எழுதலாம். நீளமாக எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு ரஷ்ய மொழியாக்கி அனுப்பலாம். சட்டப் பிரிவுகளை அடுக்கி வக்கீல் நோட்டீஸ் தோரணையில் அனுப்பலாம். அல்லது ஏழெட்டு வரியில் ரஷ்ய மொழியில் எழுதி, கீழே அதையே ஆங்கிலத்திலும் தரலாம். நான் நான்காவதைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற மூன்றையும் ஏன் விட்டேன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆங்கிலக் கடிதத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு: நாம் என்ன எழுதினோம் என்பது நமக்குத் தெரியும். பிற்பாடு தளத்தின் உதவிப் பிரிவோ வங்கியோ படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் புரியும். குறை, விற்பனையாளர் அதை ஆங்கிலத்தில் படிக்கப்போவதில்லை என்பது. அவர் திரையில் தளமே மொழிபெயர்த்துக் காட்டும். இல்லாவிட்டால் அவரே ஏதாவது செயலியில் ஒட்டிப் பார்ப்பார். ஆக, ஆங்கிலத்தில் எழுதுவது என்பது இயந்திர மொழிபெயர்ப்பைத் தவிர்ப்பதல்ல. மொழிபெயர்ப்பு நம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்க விடுவது, அவ்வளவுதான்.

அதைவிட நாமே மொழிபெயர்த்து அனுப்புவது மேல் என்று தோன்றும். ஒரு வகையில் மேல்தான். ஆனால் ரீஃபண்ட் கடிதத்துக்கென்றே காத்திருக்கும் குழி ஒன்று இருக்கிறது. ஆங்கில ‘ரீஃபண்ட்’ என்ற சொல்லைச் செயலிகள் சில சமயம் வெறும் ‘வஸ்வ்ராத்’ என்று ஆக்கிவிடும். அந்த ரஷ்யச் சொல்லுக்குத் ‘திரும்ப அளித்தல்’ என்று பொருள். எதைத் திரும்ப அளித்தல் என்பது அதில் இல்லை. பணத்தையும் குறிக்கும், பொருளையும் குறிக்கும். ‘முழு வஸ்வ்ராத் வேண்டும்’ என்று நாம் அனுப்பினால், ‘சரி, பொருளை அனுப்புங்கள், பார்க்கிறேன்’ என்று பதில் வரலாம். அவர் ஏமாற்றவில்லை. படித்ததற்குப் பதில் எழுதியிருக்கிறார். நாமோ அவர் தட்டிக் கழிக்கிறார் என்று கொதித்துப்போவோம். இரண்டு சொற்களாக எழுதினால் குழப்பம் தீரும். முதல் வரி பணத்தைத் திரும்ப அளிப்பது, இரண்டாவது பொருளைத் திரும்ப அனுப்புவது:

```
возврат денег
возврат товара
```

இதைச் சரிபார்க்கப் பலரும் செய்வது, ரஷ்ய வாக்கியத்தை மீண்டும் ஆங்கிலத்துக்கோ தமிழுக்கோ மாற்றிப் பார்ப்பது. இந்தப் பிழை அந்தச் சோதனையில் சிக்காமல் போகலாம். தனியாக நிற்கும் வஸ்வ்ராத்தைச் செயலி சமர்த்தாக ‘ரீஃபண்ட்’ என்றே திருப்பிக் கொடுத்துவிடக்கூடும். பரீட்சை எழுதியவரே விடைத்தாளைத் திருத்தினால் எப்படியிருக்கும், அப்படி.

எனக்கு இன்னொரு சிக்கலும் வந்தது. ரஷ்ய மொழியில் கேமராவில் மாட்டும் முழு லென்ஸுக்கு ‘ஆப்யெக்தீவ்’ என்று பெயர். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ‘லீன்ஸா’ என்று பெயர். நாம் இரண்டையும் லென்ஸ் என்போம். செயலி முழுக் கடிதத்திலும் லீன்ஸா என்றே போட்டிருந்தது. படிப்பவர், முகப்பில் மாட்டும் ஏதோ தனிக் கண்ணாடியைப் பற்றிக் கேட்கிறேன் என்றுகூட நினைத்திருக்கலாம். நீங்கள் வாங்கிய பொருள் வேறாக இருக்கலாம். அதன் பெயரைச் செயலியிடம் கேட்காமல், விற்பனையாளர் தம் விவரக் குறிப்பில் எழுதியிருக்கும் ரஷ்யச் சொல்லையே எடுத்து ஒட்டுங்கள். குறையைச் சொல்லும்போதும் அவர் எழுதிய வாக்கியத்தையே மேற்கோளாகக் காட்டுங்கள். தாம் எழுதியதைப் புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழர்களுக்கு ரஷ்ய மொழி இரண்டு இடங்களில் வித்தியாசமாக நடந்துகொள்ளும். ஒன்று நமக்குச் சாதகம். அவர்களிடமும் நீ, நீங்கள் என்ற பிரிவு உண்டு. ‘தி’ என்றால் நீ, ‘வி’ என்றால் நீங்கள். ஒருவருக்குத் தனியாகக் கடிதம் எழுதும்போது மரியாதைக்காக அந்த ‘வி’யைப் பெரிய எழுத்தில் தொடங்குவது வழக்கம். ஆங்கிலத்தில் இந்தப் பிரிவு இல்லாததால், ஆங்கிலம் வழியாக மொழிபெயர்க்கும் செயலி சில சமயம் ‘நீ’ என்று போட்டுவிடும். முன்பின் தெரியாத வியாபாரியை, அதுவும் பணம் கேட்கும் கடிதத்தில், நீ என்று விளித்தால் என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மற்றொன்று நமக்குப் பழக்கமில்லாதது. ‘வாங்கினேன்’ என்று நாம் சொன்னால் சொன்னவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ரஷ்ய மொழியில் இறந்தகால வினை அதைக் காட்டிவிடும். செயலி பெரும்பாலும் ஆண் என்றே வைத்துக்கொள்ளும். கீழே பெண்ணின் பெயர் இருந்தால், இது எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கடிதம் என்ற எண்ணம் வரும். பெரிய தீங்கில்லை, ஆனால் உறுதி குறைந்து தெரியும். ‘நான் பெற்றேன்’ என்பதற்குப் பதில் ‘பார்சல் பெறப்பட்டது’ என்று எழுதினால் போதும், சிக்கலே வராது.

சட்டக் கடிதத்துக்கு வருவோம். ரஷ்ய மொழி இணையத்தில் தேடினால் ‘ப்ரிதேன்ஸியா’ என்ற பெயரில் மாதிரிக் கடிதங்கள் கிடைக்கும். வழக்குக்கு முன் விற்பனையாளருக்கு அனுப்பும் முறையான கோரிக்கை அது. ரஷ்யாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1992-இல் வந்தது, எண் 2300-1. அதன் 22-ஆம் பிரிவு, குறையுள்ள பொருளுக்கான பணத்தை, கோரிக்கை வந்த 10 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது. தொலைவிலிருந்து வாங்கும் பொருளை, கைக்கு வந்த 7 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை 26.1-ஆம் பிரிவு தருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எடுத்து வீசலாம் என்று கை துறுதுறுக்கும்.

வீசாததற்கு என் காரணம் எளிமையானது. ரஷ்ய மொழியில் எழுதுபவர் ரஷ்யாவில் இருக்க வேண்டும் என்பதில்லை. என் பார்சலின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் கஜகஸ்தான் என்றிருந்தது. லாத்வியாவில், இஸ்ரேலில், ஜெர்மனியில் இருந்துகொண்டு ரஷ்ய மொழியில் வியாபாரம் செய்பவர்களும் உண்டு. கஜகஸ்தானின் அல்மாட்டியில் இருப்பவரிடம் மாஸ்கோ சட்டத்தைக் காட்டினால் சிரித்துவிட்டுப் போவார். தவிர, அந்தச் சட்டம் கடை நடத்துபவரைக் கட்டுப்படுத்துவது. வீட்டு அலமாரியிலிருந்த பழைய லென்ஸை விற்கும் தனி மனிதரை அல்ல. எல்லாமே பொருந்தினாலும், 62 டாலருக்கு வெளிநாட்டு நீதிமன்றம் போக மாட்டோம் என்பது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நிறைவேற்ற முடியாத மிரட்டலை முதல் கடிதத்திலேயே செலவழித்துவிட்டால் அடுத்த கடிதத்தில் சொல்ல ஒன்றும் இருக்காது. கடை ரஷ்யாவில் பதிவு பெற்றது, தொகை பெரியது, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் ப்ரிதேன்ஸியாவைப் பற்றி யோசிக்கலாம்.

மிரட்டல் வேண்டாம் என்பதற்காகக் குழைய வேண்டும் என்றும் இல்லை. இங்கே மூன்று வாக்கியங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்:

```
Не могли бы Вы вернуть деньги?
Прошу вернуть деньги.
Требую вернуть деньги.
```

முதலாவது ஆங்கிலப் பணிவின் நேர்ப் பெயர்ப்பு: ‘பணத்தைத் திருப்பித் தர முடியுமா?’ ஆங்கிலத்தில் இது கேள்வி வேடம் போட்ட கோரிக்கை. ரஷ்ய மொழியிலும் பணிவாகத்தான் ஒலிக்கும், ஆனால் கேள்விக்கு ‘முடியாது’ என்று ஒரு விடை உண்டு. மூன்றாவது, ‘த்ரேபுயு’, அதாவது ‘தர வேண்டுமென வலியுறுத்துகிறேன்’. சட்டக் கடிதத்தில் இயல்பான சொல். சாதாரண உரையாடலில் சண்டைக்கு நிற்பது போலிருக்கும். நடுவில் இருக்கும் ‘ப்ரஷூ’வுக்குத் தமிழில் அச்சாக ஒரு வடிவம் உண்டு: ‘திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்’. அலுவலகக் கடிதம் எழுதிய எவருக்கும் அதன் எடை தெரியும். மரியாதை குறையாது, இறங்கியும் வராது. ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகாமல் தமிழிலிருந்தே நேராக யோசித்தால் சரியான ரஷ்ய வாக்கியம் தானாக அமைகிற அபூர்வமான இடம் இது.

அடுத்தது தேதி. இதிலும் இரண்டு வழிகள் உண்டு. ‘கடிதம் கிடைத்த 10 நாளுக்குள்’ என்று எழுதலாம், அல்லது நாளையே குறித்துவிடலாம். கிடைத்த நாள் எது என்று நம்மால் நிறுவ முடியாது. நேற்றுத்தான் பார்த்தேன் என்று எப்போதும் சொல்லலாம். எனவே நாளைக் குறிப்பதே நல்லது. குறிக்கும்போது வழக்கமாக வரும், ‘வரை’ என்று பொருள்படும் ‘தா’ என்ற சொல்லைத் தவிருங்கள். ‘தா 18 ஜூன்’ என்றால் 18-ஆம் தேதியும் சேர்த்தா, 17 வரைக்கும்தானா என்று ரஷ்யர்களே வாதிடுவார்கள். ‘18-ஆம் தேதிக்குப் பிந்தாமல்’ என்ற வடிவத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. எண்களில் எழுதினால் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசைதான் அவர்களுக்கும் பழக்கம். அமெரிக்க வரிசையில் மாதத்தை முன்னால் போட்டால் கெடு மாறிவிடும்.

எந்த நாள் என்பதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். எனக்குப் பார்சல் வந்தது 2025 ஜூன் 3. நான் வாங்கிய தளத்தில், பொருள் வந்த 30 நாளுக்குள் புகார் பதிய வேண்டும். அதாவது ஜூலை 3 கடைசி. கடிதம் அனுப்பியது ஜூன் 6. அவருக்கு ஜூன் 18 வரை கொடுத்தேன். 12 நாள் என்பது நியாயமான அவகாசம், நடுவில் எந்த விடுமுறை வந்தாலும் தாங்கும். அதன் பிறகும் எனக்குப் புகார் பதிய இரண்டு வாரம் மிச்சம் இருந்தது. நல்ல மனதோடு ஒரு மாதம் அவகாசம் கொடுத்து, கெடு முடிந்த அன்று புகார்க் கதவும் மூடியிருப்பதைப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். விற்பனையாளர் ரஷ்யாவில் இருந்தால் ஜனவரி முதல் எட்டு நாளும் மே மாத முதல் பத்து நாளும் பண்டிகைக் காலம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கடைசியில் போன கடிதம் இதுதான். ஆர்டர் எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன்:

```
Здравствуйте!

Заказ № 48213 от 14.05.2025: объектив Helios 44-2, 62 доллара.
Посылка получена 03.06.2025.

В описании указано: «стёкла чистые». На самом деле
на внутренней линзе есть грибок. Прилагаю 3 фото и видео.

Прошу оформить возврат денег в полном размере (62 доллара)
тем же способом, каким был оплачен заказ,
не позднее 18.06.2025.
Объектив могу отправить обратно за Ваш счёт.

Если этого не произойдёт, 19.06.2025 я открою спор на площадке.

С уважением,
```

வணக்கம். ஆர்டர் எண், ஆர்டர் செய்த நாள், பொருள், தொகை, பார்சல் கிடைத்த நாள். குறிப்பில் ‘கண்ணாடிகள் சுத்தம்’ என்றிருக்கிறது, உண்மையில் உள் கண்ணாடியில் பூஞ்சை இருக்கிறது, படங்களையும் வீடியோவையும் இணைத்திருக்கிறேன். முழுத் தொகைக்கான ரீஃபண்டை, ஆர்டருக்குப் பணம் கட்டிய அதே வழியில், 18-ஆம் தேதிக்குப் பிந்தாமல் பதிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். லென்ஸை உங்கள் செலவில் திருப்பி அனுப்ப முடியும். இது நடக்காவிட்டால் 19-ஆம் தேதி தளத்தில் புகார் பதிவேன். அவ்வளவுதான். கீழே என் பெயரும், இதே செய்தி ஆங்கிலத்திலும். ஏமாந்த வருத்தம், பூஞ்சை எப்படி வளர்கிறது என்ற பாடம், அவர் நேர்மை பற்றிய சந்தேகம் எதற்கும் இதில் இடமில்லை. முதல் வரைவில் இருந்தன, அடித்துவிட்டேன்.

‘பணம் கட்டிய அதே வழியில்’ என்ற சொற்களை விட்டுவிட வேண்டாம். 2022 மார்ச்சில் விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தின. அங்குள்ள விற்பனையாளர்கள் சிலர் உண்மையிலேயே சுற்றுவழிகளில் பணம் பெறுகிறார்கள், அனுப்புகிறார்கள். அந்தச் சாக்கில் ‘கார்டு எண்ணைச் சொல்லுங்கள், நேரடியாகப் போட்டுவிடுகிறேன்’ என்று கேட்பவர்களும் வருவார்கள். தளத்துக்கு வெளியே வந்த பணத்தைத் தளம் அறியாது. வராத பணத்தையும் அறியாது. கடிதத்தில் ஆர்டர் எண் போதும், கார்டு எண் வேண்டவே வேண்டாம்.

ஜூன் 9-ஆம் தேதி பதில் வந்தது. பூஞ்சை படத்தின் தரத்தைப் பாதிக்காது, 15 டாலர் திருப்பித் தருகிறேன் என்றார். கடைசியில் ஒரு மூடும் அடைப்புக்குறி. ரஷ்ய மொழியில் எழுதுபவர்களிடம் அந்த ஒற்றை அடைப்புக்குறி புன்னகை, தட்டச்சுப் பிழை அல்ல. புன்னகை சம்மதமும் அல்ல. அதேபோல ‘பார்த்துச் சரிசெய்துகொள்வோம்’ என்ற அர்த்தத்தில் ‘ரஸ்பிர்யோம்ஸ்யா’ என்று வந்தாலும் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் தொகையும் இல்லை, நாளும் இல்லை. நான் இரண்டே வரியில் பதில் எழுதினேன்:

```
Спасибо, но частичный возврат меня не устраивает.
Прошу вернуть всю сумму не позднее 18.06.2025.
```

நன்றி, பகுதித் தொகை எனக்கு ஏற்புடையதல்ல, முழுத் தொகையையும் அதே தேதிக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பேரம் தொடங்கியதும் கெடுவைத் தள்ளிப்போடக் கை வரும். தள்ளிவிட்டால் அடுத்த கெடுவை அவர் நம்ப மாட்டார்.

17-ஆம் தேதி வரை ஒன்றும் வரவில்லை. 18-ஆம் தேதியும் போனது. 19-ஆம் தேதி காலையில், சொன்னபடி, புகார் பதிந்தேன். கடிதத்தையே நகலெடுத்து ஒட்டினேன். ஆர்டர் விவரம், அவர் எழுதிய வாக்கியம், படங்கள், கெடு எல்லாம் அதிலேயே இருந்ததால் புதிதாக எழுத ஒன்றுமில்லை. ஆங்கிலப் பகுதி கூடவே இருந்ததன் பலன் அப்போது தெரிந்தது.

இரண்டு மணி நேரத்தில் அவரிடமிருந்து செய்தி வந்தது: புகாரை மூடுங்கள், மூடியதும் பணத்தை அனுப்புகிறேன். இதற்கு மட்டும் இணங்கக் கூடாது. மூடிய புகாரை மறுபடி திறக்கப் பெரும்பாலான தளங்கள் விடுவதில்லை. பேபாலிலும் அப்படித்தான். பணம் வந்ததும் புகார் தானாக முடியும் என்று எழுதி அனுப்பினேன். அன்று மாலையே தளத்தில் 62 டாலர் ரீஃபண்ட் என்று காட்டியது. கார்டுக்கு வந்துசேர மேலும் நான்கு நாள் ஆனது. அது வங்கிகளின் வேகம். அதற்காகத்தான் கடிதத்தில் ‘பணம் வந்துசேர வேண்டும்’ என்று எழுதாமல் ‘ரீஃபண்டைப் பதிவுசெய்ய வேண்டும்’ என்று எழுதியிருந்தேன். தளமும் கைவிட்டிருந்தால், கார்டு கொடுத்த வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்பது, அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறக் கேட்பது ஒன்றே மிச்சம். அதற்குப் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. அங்கேயும் இதே கடிதத்தைத்தான் இணைத்திருப்பேன்.

லென்ஸைத் திருப்பி அனுப்பும் செலவை ஏற்க அவருக்கு மனமில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார், இந்த முறை அடைப்புக்குறி இல்லாமல். மற்ற லென்ஸ்களுக்குப் பூஞ்சை தொற்றிவிடக் கூடாதென்று அதைத் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.